வெப்பம் பாதியானாலும் திறன் மாறாதா? ஓட்டோ சுழற்சியும் அமுக்க விகிதமும்

மூன்றாம்செமஸ்டர் | 4 மார்ச், இரவு 9.10

உள்தேர்வில் வந்த கணக்கு இது. பெட்ரோல் என்ஜினுக்கான ஓட்டோ சுழற்சி, வேலை செய்யும் பொருள் காற்று மட்டும். அமுக்க விகிதம் 8. அமுக்கம் தொடங்கும்போது காற்று 100 கிலோ பாஸ்கல் அழுத்தத்திலும் 27 டிகிரி செல்சியஸிலும் இருக்கிறது. ஒரு கிலோ காற்றுக்கு 1800 கிலோ ஜூல் வெப்பம் கொடுக்கப்படுகிறது. திறன் எவ்வளவு, அதாவது கொடுத்த வெப்பத்தில் எத்தனை சதவீதம் வேலையாக மாறுகிறது என்பது முதல் கேள்வி. வெப்பத்தை 900 ஆகக் குறைத்தால் திறன் என்ன ஆகும் என்பது இரண்டாவது.

வெப்பம் குறைந்தால் வெடிப்பு வலுவிழக்கும், ஆகவே திறனும் குறையும் என்று இரண்டாவதற்கு அரைப் பக்கம் எழுதினேன். பூஜ்யம் கிடைத்தது. பக்கத்து இருக்கைக்காரன் "மாறாது" என்று ஒரே சொல்லை எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிட்டான். சூத்திரத்தில் வெப்பம் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஏன் இல்லை என்பதுதான் புரியவில்லை. பெட்ரோலைப் பாதியாக்கினாலும் திறன் அப்படியே இருக்கும் என்பதை என் மனம் ஏற்கவில்லை.

லேத்பட்டறை | 4 மார்ச், இரவு 9.45

தம்பி, கணக்கை விடுங்கள். அமுக்க விகிதத்தை அறிய சூத்திரமே தேவையில்லை. பிளக்கைக் கழற்றிக் கம்ப்ரெஷன் கேஜை மாட்டி, நாலு கிக் அடியுங்கள். நல்ல 100 சி.சி. வண்டியில் 150 பி.எஸ்.ஐ. வரும். அதை வளிமண்டல அழுத்தமான 14.7 ஆல் வகுத்தால் 10.2 வரும், அதுதான் விகிதம். இருபது வருடமாக இப்படித்தான் பார்க்கிறேன்.

மூன்றாம்செமஸ்டர் | 4 மார்ச், இரவு 10.05

அண்ணா, அது அழுத்த விகிதம் அல்லவா? எங்கள் புத்தகத்தில் அமுக்க விகிதம் என்பது கனஅளவுகளின் விகிதம்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். தேர்வில் அமுக்கத்தின் முடிவு வெப்பநிலையை 27 × 2.297 என்று பெருக்கி 62 டிகிரி என எழுதியிருந்தேன். கெல்வினுக்கு மாற்ற மறந்துவிட்டேன். அந்தப் பூஜ்யத்தில் இதற்கும் பங்கு உண்டு.

பழைய வாத்தியார் | 5 மார்ச், காலை 6.20

பாலிடெக்னிக்கில் வெப்பப் பொறியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அந்த 62 டிகிரி விடையை ஆண்டுதோறும் பத்துப் பதினைந்து தாள்களிலாவது பார்த்திருக்கிறேன். 62 டிகிரி என்பது ஒரு டம்ளர் காபியின் சூடு. எட்டில் ஒரு பங்காக நசுக்கப்பட்ட காற்று காபிச் சூட்டில்தான் இருக்கும் என்று விடை வந்தால், அங்கேயே பேனாவை நிறுத்தியிருக்க வேண்டும்.

இப்போது கணக்கை முறையாகப் போட்டுப் பார்ப்போம். தொடக்க வெப்பநிலை 300 கெல்வின். வெப்பம் உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல் காற்றை எட்டில் ஒரு பங்காக அமுக்கினால், வெப்பநிலை 8^0.4 மடங்கு, அதாவது 2.297 மடங்கு உயர்ந்து 689 கெல்வின் ஆகும். அது 416 டிகிரி செல்சியஸ். அழுத்தம் 8^1.4 மடங்கு உயர்ந்து 1838 கிலோ பாஸ்கலை எட்டும். அடுத்து, பிஸ்டன் மேலே நிற்கும் நிலையில் கனஅளவு மாறாமல் 1800 கிலோ ஜூல் சேர்கிறது. மாறாக் கனஅளவில் காற்றின் வெப்ப எண் 0.718 என்பதால் வெப்பநிலை 2507 கெல்வின் ஏறி 3196 ஆகும். பிறகு பிஸ்டன் கீழிறங்கும்போது காற்று அதே எட்டு மடங்கு விரிகிறது. விகிதம் அதேதான் என்பதால் வெப்பநிலையும் அதே 2.297 ஆல் வகுபட்டு 1391 கெல்வினுக்கு இறங்கும். கடைசியாக, வெளியேறும் வெப்பம் 0.718 × (1391 − 300), அதாவது 783.5 கிலோ ஜூல். கிடைத்த வேலை 1016.5 கிலோ ஜூல். திறன் 56.5 சதவீதம்.

இனி உங்கள் 900-ஐப் பாருங்கள். உச்ச வெப்பநிலை 1943 கெல்வின். விரிவின் முடிவில் அது 2.297 ஆல் வகுபட்டு 846 ஆகிறது. வெளியேறும் வெப்பம் 392, வேலை 508. திறன் அதே 56.5 சதவீதம். வேலை சரிபாதியாகிவிட்டது, வெடிப்பு வலுவிழந்துவிட்டது, அந்த அளவுக்கு நீங்கள் எழுதியது சரியே. ஆனால் வீணாகும் வெப்பமும் சரிபாதியாகிவிட்டது.

மூன்றாம்செமஸ்டர் | 5 மார்ச், காலை 8.30

எண்கள் பொருந்துகின்றன ஐயா. ஆனாலும் இது தற்செயலைப் போலத்தான் தோன்றுகிறது.

பழைய வாத்தியார் | 5 மார்ச், காலை 11.00

தற்செயல் இல்லை. அமுக்கம் வெப்பநிலையைக் கூட்டுவதில்லை, பெருக்குகிறது. விரிவு அதைக் கழிப்பதில்லை, வகுக்கிறது. மேலே 689-க்கும் 3196-க்கும் உள்ள இடைவெளிதான் நாம் கொடுத்த வெப்பம். கீழே 300-க்கும் 1391-க்கும் உள்ள இடைவெளிதான் வீணாகும் வெப்பம். மேலே உள்ள இரண்டு வெப்பநிலைகளையும் ஒரே எண்ணால் வகுத்தால்தான் கீழே உள்ள இரண்டும் கிடைக்கின்றன. ஆகவே இடைவெளியும் அதே எண்ணால் வகுபடும். கொடுத்தது எவ்வளவாக இருந்தாலும் அதில் 2.297-இல் ஒரு பங்கு, அதாவது 43.5 சதவீதம், வீணாகும். அந்த எண்ணைத் தீர்மானிப்பது r என்ற அமுக்க விகிதமும், காற்றின் இரு வெப்ப எண்களின் விகிதமான γ-வும், அதாவது 1.4-உம், மட்டுமே:

`η = 1 − 1/r^(γ−1)`

அமுக்க விகிதம் என்ற பெயரே சிலரைத் திசைதிருப்புகிறது என்பது என் எண்ணம். அமுக்குவதற்கு நாம் வேலையைச் செலவழிக்கிறோம், வேலை கிடைப்பது விரிவில்தான். எரிந்த வாயுவை எத்தனை மடங்கு விரிய விட்டு, எவ்வளவு குளிர வைத்து வெளியே அனுப்புகிறோம் என்பதே இந்த விகிதத்தின் உண்மையான பொருள். இதே கணக்கை விகிதம் 10 என்று வைத்துப் போட்டால், புகைபோக்கிக்குப் போகும் வாயு 1391-க்குப் பதில் 1298 கெல்வினில் இருக்கும். அந்த 93 கெல்வின் வேலையாக மாறியதால்தான் திறன் 60.2 ஆகிறது.

பட்டறை அன்பருக்குப் பதில் மாலையில் எழுதுகிறேன்.

பஞ்சர்கடை | 5 மார்ச், மதியம் 1.15

எங்கள் கடைக் கம்ப்ரசர் 120 பி.எஸ்.ஐ. ஏற நேரம் எடுக்கிறது, மின் கட்டணமும் அதிகம் வருகிறது. அதன் அமுக்க விகிதத்தைக் கூட்டினால் திறன் கூடுமா?

லேத்பட்டறை | 5 மார்ச், மதியம் 1.40

அது வேறு அண்ணாச்சி. உங்கள் கம்ப்ரசரில் எதுவும் எரிவதில்லை. வால்வுத் தகட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து பாருங்கள்.

பழைய வாத்தியார் | 5 மார்ச், மாலை 6.30

இப்போது கேஜ் கதைக்கு வருகிறேன். 150-ஐ 14.7 ஆல் வகுத்ததில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. முதலாவது சிறியது. கேஜ் காட்டுவது வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அழுத்தத்தை. ஆகவே 164.7-ஐ 14.7 ஆல் வகுத்திருக்க வேண்டும், அது 11.2. இரண்டாவதுதான் அடிப்படையானது. அமுக்கும்போது காற்று சூடாவதால் அழுத்தம் கனஅளவு விகிதத்தைவிட வேகமாக ஏறும். விகிதம் 9 என்றால் இலட்சியக் கணக்கில் அழுத்தம் 9 மடங்கு அல்ல, 21.7 மடங்கு.

லேத்பட்டறை | 5 மார்ச், இரவு 8.00

அப்படியானால் கேஜ் 300-ஐத் தாண்ட வேண்டுமே ஐயா! புது வண்டியில்கூட அப்படி வந்ததை நான் பார்த்ததில்லை. உங்கள் கணக்கும் தவறுதான்.

பழைய வாத்தியார் | 5 மார்ச், இரவு 9.20

நியாயமான கேள்வி. பிஸ்டன் கீழே தொட்டுத் திரும்பி, கணிசமான தூரம் மேலேறிய பிறகுதான் இன்டேக் வால்வு மூடுகிறது. அதுவரை அமுக்கமே தொடங்குவதில்லை. கிக் அடிக்கும் மெதுவான வேகத்தில் காற்றின் சூட்டைச் சிலிண்டர் சுவர் உறிஞ்சிவிடுகிறது, ரிங்குகளின் வழியே கசிவும் உண்டு. இந்த மூன்றும் சேர்ந்து அழுத்தத்தைக் குறைப்பதால், உங்கள் கேஜ் எண் தற்செயலாக விகிதத்தை ஒத்து நிற்கிறது. இருபது வருடம் உங்களை ஏமாற்றியது இந்த ஒற்றுமைதான். நீங்கள் அந்தக் கேஜை வைத்து ரிங் தேய்ந்திருக்கிறதா, வால்வு கசிகிறதா என்று கண்டுபிடிப்பது முற்றிலும் சரி. அதற்குத்தான் அந்தக் கருவி. த்ராட்டிலை முழுதாகத் திறந்து வைத்துக்கொண்டு அளக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

மலைப்பாதை | 6 மார்ச், இரவு 10.30

இந்த இழை என் வண்டிக்காகவே தொடங்கப்பட்டது போலிருக்கிறது. பழைய 100 சி.சி. நான்கு ஸ்ட்ரோக் வண்டி, போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக் 49.5 மி.மீ. கையேட்டின்படி அமுக்க விகிதம் 9. அதை 10 ஆக்கினால் மைலேஜ் கூடும் என்று படித்து, சென்ற மாதம் ஹெட்டின் அடிமுகத்தை 0.7 மி.மீ. சீவினேன். கார்புரேட்டரையும் கழுவி, வால்வுகளை லேப்பிங் செய்து போட்டார்கள்.

சமதளத்தில் லிட்டருக்கு 58 கி.மீ. கொடுத்த வண்டி 64 கொடுக்கிறது. ஆனால் சென்ற ஞாயிறு மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கொல்லிமலை ஏறியபோது, பத்துப் பன்னிரண்டு கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பிறகு, தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்கியது போன்ற ஓசை ஹெட்டிலிருந்து வரத் தொடங்கியது. த்ராட்டிலைக் குறைத்தால் நிற்கிறது, முறுக்கினால் மீண்டும் வருகிறது. மொத்தம் 70 வளைவுகள். மீதியை எப்படி ஏறினேன் என்று கேட்காதீர்கள். விகிதம் 10 என்பது இந்தக் காலத்தில் சாதாரணம்தானே?

லேத்பட்டறை | 6 மார்ச், இரவு 10.50

நாக்கிங். டைமிங்கைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுங்கள், நின்றுவிடும்.

பழைய வாத்தியார் | 7 மார்ச், காலை 6.40

நிற்கும், ஆனால் ஹெட் சீவிச் சம்பாதித்ததில் ஒரு பகுதியை அது தின்றுவிடும். பொறி தாமதமானால் எரிதலின் கணிசமான பகுதி பிஸ்டன் இறங்கத் தொடங்கிய பிறகு நடக்கும். அப்படி எரிந்த வாயுவுக்குப் பத்து மடங்கு விரிவு கிடைக்காது.

மலைப்பாதை அவர்களே, முதலில் மைலேஜைப் பார்ப்போம். விகிதம் 9-இல் இலட்சியத் திறன் 58.5, விகிதம் 10-இல் 60.2. ஆதாயம் ஏறத்தாழ 3 சதவீதம். அந்தக் கணக்கில் 58 என்பது 60-ஐத் தொடலாம். 64 ஆவதற்கு 10 சதவீத ஆதாயம் வேண்டும், அதை இந்த ஒரு புள்ளி ஏற்றம் தராது. மீதியைக் கொடுத்தது கழுவிய கார்புரேட்டரும், ஒழுங்காக மூடும் வால்வுகளும், செலவழித்த பணத்துக்குப் பலன் தெரிய வேண்டும் என்று நீங்கள் மென்மையாக ஓட்டியதும்தான் என்று நினைக்கிறேன்.

விகிதம் ஏற ஏற ஆதாயம் மெலிந்துகொண்டே போகும். 4-இலிருந்து 6-க்குப் போனால் இலட்சியத் திறன் 42.6-இலிருந்து 51.2 ஆகத் தாவும். 8-இலிருந்து 10-க்குப் போனால் 56.5-இலிருந்து 60.2. 12-இலிருந்து 14-க்கு 63.0-இலிருந்து 65.2 மட்டுமே. அழுத்தமோ மெலிவதில்லை. தம்பியின் கணக்கில் உச்ச அழுத்தம் விகிதம் 8-இல் 85 பார், 10-இல் 109 பார். நாலு புள்ளி திறனுக்கு 24 பார் விலை.

மலைப்பாதை | 7 மார்ச், காலை 9.15

மென்மையாக ஓட்டினேன் என்பதை மறுக்கிறேன். மற்றபடி உங்கள் கணக்கை யோசிக்கிறேன். ஓசைக்குக் காரணம் என்ன?

பழைய வாத்தியார் | 7 மார்ச், மதியம் 12.10

பிளக்கிலிருந்து கிளம்பும் சுடர் சிலிண்டர் முழுவதையும் கடக்கச் சற்று நேரம் எடுக்கும். அதற்குள், மறுமூலையில் இன்னும் எரியாமல் இருக்கும் கலவையை எரிந்த பகுதி விரிந்து மேலும் நசுக்குகிறது. அந்த மூலைக் கலவை அளவுக்கு மீறிச் சூடானால் சுடருக்குக் காத்திராமல் தானாகவே ஒரே கணத்தில் வெடிக்கும். அந்த அதிர்ச்சி அலைதான் நீங்கள் கேட்ட ஆணி ஓசை. விகிதத்தைக் கூட்டினால் அந்த மூலை கூடுதல் சூட்டோடு தொடங்குகிறது. மலையேற்றத்தில் முழு த்ராட்டில், குறைந்த வேகம், காற்றோட்டம் இல்லாமல் கொதிக்கும் ஹெட் ஆகிய மூன்றும் சேர்ந்துவிட்டன. பிளக்கைக் கழற்றி, வெள்ளைப் பீங்கானில் மினுமினுக்கும் அலுமினியத் துகள்கள் ஒட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் பிஸ்டன் அரிபடத் தொடங்கிவிட்டது.

விகிதத்தைப் பூட்டிவைத்தது இந்த ஓசைதான். ஃபோர்டின் மாடல் டி கார் 4-ஐ ஒட்டிய விகிதத்தோடு ஓடியது, காரணம் அன்றைய பெட்ரோல். 1921-இல் அமெரிக்கப் பொறியாளர் மிட்ஜ்லி ஈயச் சேர்மம் நாக்கிங்கைத் தடுப்பதைக் கண்டுபிடித்த பிறகு விகிதம் ஏறியது, நச்சும் கூடவே வந்தது. ஈயமே இல்லாமல் 2011-இல் மஸ்டா 14 வைத்தது. புகைக்குழாய்களை நீளமாக அமைத்து, சிலிண்டரில் தங்கும் சூடான பழைய வாயுவைக் குறைத்தது அவர்கள் செய்த முக்கியமான வேலைகளில் ஒன்று. ஆகவே "10 சாதாரணம்" என்பது 10-க்காக வடிவமைக்கப்பட்ட ஹெட்டுக்குத்தான் பொருந்தும்.

மூன்றாம்செமஸ்டர் | 7 மார்ச், இரவு 9.00

ஐயா, ஒரு சந்தேகம். 1800 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கணக்கிட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ பெட்ரோலின் வெப்பம் ஏறத்தாழ 44,000 கிலோ ஜூல், அதற்கு 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ காற்றுக்கு 2990 கிலோ ஜூல் வருகிறது. அதைப் போட்டால் உச்ச வெப்பநிலை 4850 கெல்வின்! இது சாத்தியமா?

பழைய வாத்தியார் | 8 மார்ச், காலை 6.15

சாத்தியமில்லை. நீங்கள் இதைக் கேட்டது எனக்குப் பிடித்திருக்கிறது. 1800 என்பது கணக்கு அமைப்பவர் வசதிக்கு எடுத்த எண். அந்த 3196 கெல்வினே மிகை. சூடேற ஏற வாயுவின் வெப்ப எண் 0.718-இல் நிற்காமல் கூடும், மேலே மூலக்கூறுகள் பிளந்து வெப்பத்தை விழுங்கும், சுவர்கள் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

இதனால் நான் முன்பு சொன்னதையும் திருத்த வேண்டியிருக்கிறது. வெப்ப எண் மாறாது என்று வைத்துக்கொண்டதால்தான் கொடுத்த வெப்பம் திறனைத் தொடவில்லை. உண்மை வாயுவில் கலவையில் பெட்ரோல் கூடினால் வெப்பநிலை ஏறி, γ குறைந்து, திறன் சற்றுக் குறையும். பெட்ரோல் கூடினால் திறன் கூடும் என்ற உங்கள் உள்ளுணர்வுக்கு நேர் எதிர்த் திசையில்! 1.4-க்குப் பதில் 1.3 வைத்தால் விகிதம் 8-இல் திறன் 46.4, 10-இல் 49.9 என்று வரும்.

லேத்பட்டறை | 8 மார்ச், காலை 10.00

46-ம் வராது ஐயா. சாலையில் ஓடும் வண்டியில் 30-ஐத் தொட்டாலே பெரிது. 1.3 என்பது விடையைக் கீழே இறக்குவதற்குப் போட்ட எண் போலத் தெரிகிறது.

பழைய வாத்தியார் | 8 மார்ச், காலை 10.40

ஓரளவுக்கு அப்படித்தான். அமுக்கும்போது ஒரு γ, எரிந்து விரியும்போது வேறொரு γ. இரண்டுக்கும் ஒரே எண் வைப்பது நேர்மையா என்பதில் எனக்கே உறுதி இல்லை. ஆனால் 1.4 வைத்தாலும் 1.3 வைத்தாலும், 9-இலிருந்து 10-க்குப் போனால் ஆதாயம் 3 சதவீதத்தை ஒட்டியே வருகிறது. திறனின் அளவைச் சொல்ல இந்தச் சூத்திரத்தை நான் நம்புவதில்லை. எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதற்கு நம்புகிறேன்.

மலைப்பாதை அவர்களே, உங்கள் விகிதம் 10 தானா என்று யாராவது அளந்தார்களா?

மலைப்பாதை | 8 மார்ச், இரவு 8.20

அளக்கவில்லை, கணக்குப் போட்டோம். ஸ்ட்ரோக் கனஅளவு 97.2 சி.சி. விகிதம் 9 என்றால் மேலே மிஞ்சும் இடம் அதில் எட்டில் ஒன்று, 12.15 சி.சி. விகிதம் 10 என்றால் ஒன்பதில் ஒன்று, 10.8 சி.சி. குறைக்க வேண்டியது 1.35 சி.சி. 50 மி.மீ. வட்டத்தின் பரப்பால் வகுத்தால் 0.69 மி.மீ. ஆகவே 0.7 சீவினோம்.

பழைய வாத்தியார் | 8 மார்ச், இரவு 9.00

கணக்கு சரி, ஆனால் இங்கே அரை சி.சி. பிழை வந்தாலே விகிதம் ஏறத்தாழ 0.4 நகரும். பிஸ்டனைச் சரியாக மேல்முனையில், இரண்டு வால்வுகளும் மூடிய நிலையில் நிறுத்துங்கள். பிளக் துளை நேர் மேலே பார்க்கும்படி வண்டியைச் சாய்த்து, பியூரெட்டால் மெல்லிய எண்ணெயைப் பிளக் மரையின் அடிவிளிம்பு வரை ஊற்றி அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். காற்றுக் குமிழி தங்கினால் அளவு குறைந்து காட்டும், ஆகவே வண்டியை மெல்ல அசைத்துவிட்டு மீண்டும் பாருங்கள்.

லேத்பட்டறை | 8 மார்ச், இரவு 9.30

ஹெட் சீவினால் கேம் கீழே இறங்கும், செயின் தளரும், வால்வு டைமிங் கொஞ்சம் பின்னுக்குப் போகும். இதையும் பார்க்கச் சொல்லுங்கள் ஐயா. இது கேஜ் விஷயம் இல்லை, இதில் நான் தவறமாட்டேன்.

பழைய வாத்தியார் | 8 மார்ச், இரவு 9.35

முழுக்கச் சரி. நான் விட்டுவிட்டேன்.

மலைப்பாதை | 12 மார்ச், மாலை 5.50

கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் உறவினரிடம் பியூரெட் வாங்கி மூன்று முறை அளந்தேன். 10.3, 10.4, 10.3. அதாவது 10.8 இல்லை. விகிதம் 10.4-க்கு மேல் வருகிறது. அரை சி.சி. எங்கே போனது? கரி இல்லை, ஹெட்டைத் திறந்தபோதே சுரண்டிவிட்டார்கள். பிளக்கில் துகள் எதுவும் தெரியவில்லை.

லேத்பட்டறை | 12 மார்ச், மாலை 6.10

ஹெட் கேஸ்கெட் பழையதையே போட்டார்களா, புதிதா?

மலைப்பாதை | 13 மார்ச், காலை 8.00

புதிது, கம்பெனி கேஸ்கெட் கிடைக்காமல் வெளிச்சந்தையில் வாங்கியது. கழற்றிய பழையதும் வீட்டில் கிடந்தது. இன்று அதையும் ஹெட்டிலிருந்து எடுத்த புதியதையும் மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தேன். புதியது 0.25 மி.மீ. மெலிது.

மூன்றாம்செமஸ்டர் | 13 மார்ச், காலை 8.25

50 மி.மீ. வட்டத்தில் 0.25 மி.மீ. என்றால் 0.49 சி.சி. 10.8-இலிருந்து கழித்தால் 10.31.

லேத்பட்டறை | 13 மார்ச், காலை 8.40

சரியான தடிமனில் கேஸ்கெட் போட்டு, செயின் டென்ஷனரையும் பாருங்கள். அதற்குப் பிறகும் மலையில் ஆணி ஓசை வந்தால்தான் டைமிங்கைத் தொட வேண்டும்.

மலைப்பாதை | 13 மார்ச், காலை 9.05

கேஸ்கெட்டுக்குச் சொல்லியிருக்கிறேன், வர ஒரு வாரம் ஆகும். 64 கி.மீ. கணக்கை நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. புது கேஸ்கெட்டோடு ஐந்து டேங்க் ஓட்டி எழுதுகிறேன்.